தண்ணீர் நேரக் கட்டுப்பாடு: உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சங்கச் செயலாளர் எழுதுகிறேன்.

நம் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிவிட்டது. மோட்டார் போட்ட அரை மணியில் தண்ணீரோடு காற்றும் வருகிறது. அதற்கு மேல் ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும். ஊற இடைவெளி விட வேண்டும். எனவே நாளை முதல் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 8 வரையும் மட்டுமே தண்ணீர் வரும். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளுக்கு இது சிரமம்தான். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

பற்றாக்குறைக்குத் தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்று வரும். 24 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 500 லிட்டர்தான். அதனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் டேங்க் கசிகிறது. இரவெல்லாம் சத்தமில்லாமல் தண்ணீர் போவது இப்படித்தான். வீட்டு எண்ணைச் சொல்லுங்கள், பிளம்பரை அனுப்புகிறேன். தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்த குழாயை மூடிவிட்டு வெளியே கிளம்புங்கள்.

லாரி பகல் 11 மணி வாக்கில் வரும். அந்த நேரம் வீட்டில் இருப்பவர்கள் யாராவது சம்ப் அருகே நின்று, முழு லோடும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள முடியுமா? முடிந்தவர்கள் எந்தக் கிழமை என்று இங்கேயே சொல்லுங்கள்.