சாமி மூலையில் சுவரும் சீலிங்கும் கறுத்துப்போச்சு, ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கணும்

செல்வி_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். வாடகை வீட்டைக் காலி செய்கிறோம், ஞாயிறு காலை சாவி ஒப்படைக்க வேண்டும். சாமி படம் வைத்திருந்த மூலையில் சுவரும் மேலே சீலிங்கும் கறுப்பாகிவிட்டது. படத்தை எடுத்த பிறகுதான் எவ்வளவு கறுப்பு என்று தெரிகிறது, படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. கூடத் தங்கியிருக்கும் பையன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். சாம்பல் நிறத்தில் பட்டையாக இழுபட்டு இன்னும் அசிங்கமாகிவிட்டது. எப்படிப் போக்குவது? டெபாசிட் முழுதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பனிமூட்டம்:
வாடகை வீட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றவே கூடாதுங்க. நான் வந்த புதிதில் விளக்கேற்றி, புகை அலாரம் அலறி, மாடி முழுக்க ஆட்கள் வெளியே வந்து குளிரில் நின்றார்கள். அப்போது எனக்கு வேலையும் இல்லை, யாரையும் தெரியவும் தெரியாது. இப்போது பேட்டரி விளக்குதான். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

செல்வி_புதுசு:
அண்ணா, அடுத்த வீட்டில் அப்படியே செய்கிறேன். இந்தச் சுவருக்கு என்ன செய்வது?

பத்மா அக்கா:
பயப்படாதே கண்ணு. சமையல் சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய், பளிச்சென்று போய்விடும். இல்லையென்றால் கடையில் வெள்ளையாக ஒரு மேஜிக் ஸ்பாஞ்ச் கிடைக்கும், அதை நனைத்து அழுத்தித் தேய்த்தால் போதும். என் சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் அதில்தான் போனது. விளக்கே கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்.

கணக்கன்:
மூலையில் கறுப்பு என்றால் அது பூஞ்சையாக இருக்கும். குளிர் ஊரில் வெளிச்சுவர் மூலையில் வருவதுதான். ப்ளீச் அடியுங்கள்.

தூரிகை:
தங்கச்சி, நான் பெயிண்ட் வேலை செய்கிறவன். தீப்பிடித்த வீடுகளில் கரி எடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று: இனி அந்தச் சுவரில் தண்ணீர் படக்கூடாது. விளக்குக் கரி என்பது மாவைவிட நைசான தூள், அதன் மேல் எரியாமல் போன எண்ணெயின் படலம். உலர்ந்திருக்கும் வரை அது பெயிண்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டதும் பெயிண்டின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். பட்டையாக இழுபட்டது அதனால்தான்.

பத்மா அக்கா சொன்ன ஸ்பாஞ்ச் உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும், சமையல் சோடாவும் உரசும் பொருள்தான். சமையலறையில் பெரும்பாலும் பளபளப்பு பெயிண்ட், அதனால் தாங்கியது. பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் தேய்த்தால் கரி போகும், ஆனால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நன்றாகத் தெரியும், அதை எதனாலும் திருப்ப முடியாது.

நீங்கள் சொல்லாதது நிறைய இருக்கிறது. பெயிண்ட் மேட்டா, லேசாக மினுங்குமா? விளக்கு மட்டுமா, கற்பூரமும் உண்டா? சீலிங் வழவழப்பா, சொரசொரப்பா? கறுப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

பனிமூட்டம்:
எல்லாம் செய்தாலும் டெபாசிட் வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் வீட்டில் ஆணி அடித்த ஓட்டைக்குக்கூடக் காசு பிடித்தார்கள்.

கணக்கன்:
எனக்குக் கார்ப்பெட்டுக்குப் பிடித்தார்கள். நான் போகும்போதே கறை இருந்தது, படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பத்மா அக்கா:
எங்கள் வீட்டுக்காரம்மா மசாலா வாசனை போகவில்லை என்று சண்டைக்கே வந்தாள். வாசனைக்கு எப்படித் துணி போட்டுத் துடைப்பது?

பனிமூட்டம்:
அக்கா, அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள், சனிக்கிழமை வேறு வேலையில்லை.

செல்வி_புதுசு:
மன்னிக்கவும், பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் மேட் வெள்ளை என்று நினைக்கிறேன், டார்ச் அடித்தால் மினுங்கவில்லை. காலையும் மாலையும் நல்லெண்ணெய் விளக்கு, வெள்ளிக்கிழமை கற்பூரம். சீலிங் சுவருக்குப் பக்கத்தில் வழவழப்புதான், பெயிண்ட் அடித்தது. விளக்குக்கு நேர் மேலே தட்டு அளவுக்கு அடர்கறுப்பு. அதைத் தாண்டி ஒரு விசித்திரம்: சீலிங்கில் சம இடைவெளியில் மங்கலான கோடுகள் ஓடுகின்றன. கூரை ஒழுகுகிறதா? கணக்கன் அண்ணா சொன்ன பூஞ்சையா?

தூரிகை:
ஒழுகவில்லை. கோடு ஓடுகிற இடத்துக்குப் பின்னால் மரச்சட்டம் இருக்கும். குளிர்காலத்தில் சட்டம் தொடுகிற இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், காற்றில் மிதக்கும் கரி குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவர் மூலை கறுப்பதும் இப்படித்தான்.

கணக்கன் சொன்னதும் தள்ளிவிடக்கூடியதில்லை, அங்கே பூஞ்சையும் வரும். சோதித்துப் பாருங்கள். ஓரத்தில் உலர்ந்த வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றுங்கள். துணியில் மைபோல் கறுப்பு ஏறினால் கரி. கறுப்பு ஏறாமல், சுவரில் புள்ளி புள்ளியாகவே நின்றால் பூஞ்சை என்று சந்தேகிக்கலாம். கரிக்கு ப்ளீச் அடித்துப் பயனில்லை, கார்பனை அது வெளுக்காது. வீண் ஈரம்தான் மிச்சம்.

செல்வி_புதுசு:
ஒற்றிப் பார்த்தேன். கண்மை மாதிரி ஏறுகிறது.

தூரிகை:
கரிதான். அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். தரையில் பழைய துணியை விரித்து ஃபேனை நிறுத்துங்கள். வேக்யூமில் மென்மையான பிரஷ் மாட்டி, சுவரை அழுத்தாமல் மேலோட்டமாக உறிஞ்சுங்கள். அப்புறம் பெயிண்ட் கடையில் கரி எடுக்கும் ரப்பர் ஸ்பாஞ்ச் என்று கேளுங்கள். செங்கல் மாதிரி இருக்கும், தொட்டால் அழிரப்பர் போல. அதை நனைக்கவே கூடாது. சீலிங்கில் ஆரம்பித்து, பிறகு சுவரில் மேலிருந்து கீழ். ஒவ்வொரு இழுப்பும் ஒரே திசையில் நேர்க்கோடாக, அடுத்தது அதன் ஓரத்தைக் கொஞ்சம் மூடியபடி. வட்டமாகத் தேய்க்காதீர்கள், எடுத்த கரியை நீங்களே திரும்பப் பூசுவீர்கள். ஒரு முகம் கறுத்ததும் திருப்பிப் பிடியுங்கள், எல்லா முகமும் கறுத்தால் கத்தியால் மேல்பகுதியைச் சீவிவிடுங்கள். கண்ணாடி போட்டு மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள், சீலிங் வேலையில் எல்லாம் முகத்தில்தான் விழும்.

இதற்கே முக்கால்வாசி போய்விடும். ஸ்பாஞ்சில் இனிக் கறுப்பு ஏறவில்லை என்ற பிறகுதான் தண்ணீர்.

பத்மா அக்கா:
அந்த ஸ்பாஞ்ச் கிடைக்காவிட்டால்? முன்பெல்லாம் ரொட்டித் துண்டை வைத்துச் சுவர்த்தாள் துடைப்பார்களே.

தூரிகை:
லேசான தூசிக்கு ரொட்டி சரிவரும் அக்கா. எண்ணெய் கலந்த கரிக்குத் திணறும், தரையெல்லாம் துகளும் சேரும். கிடைக்காவிட்டால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம்.

தண்ணீர்க் கட்டம்: இரண்டு வாளி. ஒன்றில் நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு டீஸ்பூனும், மற்றதில் வெறும் தண்ணீர். துணியைச் சொட்டாமல் பிழிந்து, கதவுக்குப் பின்னால் மாதிரி மறைவான இடத்தில் முதலில் பாருங்கள், துணியில் பெயிண்ட் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள். சுவரில் இப்போது கீழிருந்து மேல். மேலிருந்து கழுவினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த பகுதியில் வழிந்து கோடு போடும், அந்தக் கோடு லேசில் போகாது. முழங்கை அகல இடமாக எடுத்துச் சோப்புத் துணி, வெறும் தண்ணீர்த் துணி, உடனே உலர்துணியால் ஒற்றல், அதன் பிறகு அடுத்த இடம்.

கணக்கன்:
இவ்வளவு எதற்கு? ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி மேலே அடித்துவிட்டால் தெரியவே தெரியாது.

தூரிகை:
சில நாளில் தெரியும். தண்ணீர்ப் பெயிண்டை நேராக அடித்தால் எண்ணெய்க் கறை மஞ்சளாக ஊறி மேலே வரும். எத்தனை கோட் அடித்தாலும் வரும்.

செல்வி_புதுசு:
சனி இரவு. ஸ்பாஞ்ச் கிடைத்தது, நீங்கள் சொன்னபடியே செய்தோம். சுவர் நன்றாக வெளுத்துவிட்டது, அந்த ஈரப்பட்டையில் மட்டும் சாம்பல் நிழல் தெரிகிறது. சீலிங் கோடுகள் போய்விட்டன. விளக்குக்கு நேர் மேலே மட்டும் தேநீர் நிறத்தில் வட்டம், எதுவும் துணியில் ஏறவில்லை, ஆனால் கறை போகவும் இல்லை.

தூரிகை:
அது பெயிண்டுக்குள் ஊறிவிட்ட எண்ணெய். இனித் துடைத்தால் பெயிண்ட்தான் போகும், நிறுத்துங்கள். அதற்கு வழி கறையை மூடும் ப்ரைமர்தான், ஷெல்லாக் அல்லது எண்ணெய் வகை. அதன் மேல் சீலிங் பெயிண்ட். வட்டத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், சீலிங் முழுதும் ஒரே கையாக அடிக்க வேண்டும். ஒரே இரவில், அதுவும் உரிமையாளரைக் கேட்காமல், நான் அடிக்கமாட்டேன்.

பனிமூட்டம்:
சொல்லாமல் விட்டுவிடுங்கள், யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

கணக்கன்:
அதற்கென்றே அண்ணாந்து பார்ப்பார்கள். துடைப்பதற்கு முன் எடுத்த படமும் இப்போதைய படமும் சேர்த்து இன்றே மெயில் போடுங்கள். ஒரு சீலிங்குக்கு பெயிண்ட் அடிக்க என்ன ஆகும் என்று பெயிண்டரிடம் எழுத்தில் வாங்கிக் கையில் வையுங்கள். வீடு முழுவதற்கும் பிடிக்க வந்தால் காட்டலாம்.

செல்வி_புதுசு:
மெயில் போடுகிறேன். உரிமையாளர் எங்களையே அடிக்கச் சொன்னால் நாளை காலைக்குள் முடியுமா தூரிகை அண்ணா?

தூரிகை:
ஷெல்லாக் ப்ரைமர் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், பெயிண்டுக்குத்தான் இரண்டு கோட் வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். ஷெல்லாக்கில் இருப்பது ஆல்கஹால், சட்டெனத் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, ஹீட்டர், அந்தச் சாமி விளக்கு மூன்றையும் அணைத்துவிட்டு டப்பாவைத் திறங்கள். பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவ முடியாது, மெத்தனால் கலந்த ஸ்பிரிட் வேண்டும், அதையும் சேர்த்து வாங்குங்கள்.