சுகர் உள்ள அம்மாவுக்கு எந்த மெடிக்ளைம்? அட்டவணை பார்த்துச் சொல்லுங்க

கயல்விழி: அம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. ரெண்டு பாலிசியைப் பிரிச்சு எழுதிப் பார்த்தேன். எது எடுக்கலாம்?

| | அ | ஆ |
|---|---|---|
| கவரேஜ் | 5 லட்சம் | 5 லட்சம் |
| வருட பிரீமியம் | 24,000 | 31,000 |
| சுகர் காத்திருப்பு | 36 மாதம் | 12 மாதம் |
| கண்புரை காத்திருப்பு | 24 மாதம் | 24 மாதம் |
| கிடைக்காதது | அழகுக்கான சிகிச்சை | அதேதான் |
| க்ளைம் நிபந்தனை | ரூம் வாடகை நாளுக்கு 5,000 வரை | ஒவ்வொரு பில்லிலும் 20% நம்ம பங்கு |

சேரன்: அ-வே போதும். 8,000 ரூபாய் ரூம்ல நாலு நாள் இருந்தாலும் கூடுதல் 12,000தானே கைக்காசு.

பழைய_க்ளைம்காரர்: அங்கதான் மாட்டுவாங்க தம்பி. ரூம் வாடகையோட நிக்காது. டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணத்தையும் எட்டுக்கு அஞ்சுன்னு வெட்டுவாங்க. மொத்த பில் 2,12,000னு வைங்க. ரூம் 32,000ல 20,000 கிடைக்கும். டாக்டர், தியேட்டர் வகை 1,20,000ல 75,000. மருந்து, டெஸ்ட், இம்ப்ளான்ட் 60,000ல வெட்ட முடியாது, முழுசா வரும். ஆக கைக்காசு 57,000. இதே பில்லுக்கு ஆ-ல 42,400.

சேரன்: சரி, வாடகை மட்டும்னு நான் சொன்னது தப்பு. ஆனா 5,000 ரூம்லயே படுத்தா அ-ல இந்த வெட்டே இல்லையே? ஆ-ல எந்த ரூம் எடுத்தாலும் 20% போகும். பிரீமியமும் 7,000 கூட.

பழைய_க்ளைம்காரர்: உண்மைதான். ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் இந்த விகித வெட்டு கிடையாது. ரூமைப் பொறுத்து டாக்டர் ஃபீஸ் மாறாத ஆஸ்பத்திரின்னாலும் வெட்டக் கூடாது. ஆனா உங்க ஊர் ஆஸ்பத்திரியில 5,000க்குள்ள ரூம் காலியா கிடைக்குமா? பில்லிங் கவுன்டர்ல கட்டணப் பட்டியலைக் கேட்டுட்டு வாங்க, அது தெரியாம அட்டவணை அரைகுறைதான்.

மலர்_கோவை: எங்க அப்பாவுக்கு ஆபீஸ் குரூப் பாலிசியில முதல் நாள்லேர்ந்தே சுகருக்குக் கொடுத்தாங்களே?

பழைய_க்ளைம்காரர்: குரூப்ல காத்திருப்பைத் தள்ளுபடி பண்ணுறது உண்டும்மா. இவங்க கேக்குறது தனி பாலிசி.

ராவணன்77: சுகரைச் சொல்லாமலே எடுங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சா கம்பெனி கேள்வியே கேக்க முடியாது.

பழைய_க்ளைம்காரர்: 60 மாசம் விடாம புதுப்பிச்சா பழைய விவரத்தைக் கிளற முடியாதுங்கிறது சரி. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதுவரைக்கும் அட்மிஷன் ஷீட்ல டாக்டர் "சுகர், 6 வருஷமா"ன்னு எழுதுற ஒரே வரி போதும், க்ளைம் திரும்பிடும். பாலிசியையே ரத்து பண்ணலாம். படிவத்துல மாத்திரை பேரோட எழுதுங்க.

சேரன்: அப்பவும் என் ஓட்டு அ-வுக்குத்தான்.

பழைய_க்ளைம்காரர்: முதல் மூணு வருஷத்துல சுகரால கால் புண்ணுன்னு படுத்தா அ ஒரு பைசா தராது. 58 வயசுல அந்த மூணு வருஷம் சின்ன விஷயமில்ல. நான் ஆ-ன்னுதான் சொல்லுவேன்.

கயல்விழி: நாளைக்கு ரூம் வாடகை கேட்டுட்டு வந்து எழுதுறேன்.