சேர்ந்த மாதவாரி ரிடென்ஷன் டேபிள்: பிப்ரவரியில் விழுந்து மார்ச்சில் எழுந்த வரிசை

நள்ளிரவு வினவல்

ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் அடுத்தடுத்த மாதங்களிலும் பணம் கட்டுகிறார்கள் என்று காட்டும் டேபிள் ரிவ்யூ மீட்டிங்கில் திரையில் ஓடுகிறது. ஜனவரி 2023-ல் சேர்ந்தவர்களின் வரிசையில் 0-வது மாதம் 100, அடுத்த கட்டம் 64, அதற்கடுத்தது 71. மார்க்கெட்டிங்கில் ஒருவர் "விட்டுப் போனவங்க திரும்பி வர்றாங்க பாருங்க, மார்ச்ல போட்ட மெயில் வேலை செஞ்சிருக்கு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த 71-ஐ விட்டுக் கண் நகரவில்லை. சந்தா வரிசை மாதாமாதம் தேய வேண்டும். கொஞ்சம் ஏறலாம், ஆனால் ஒரே மாதத்தில் இவ்வளவா?

அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுத்துப் பார்த்தேன்:

```
signup  2023-01-01
paid    2023-01-01
paid    2023-01-31
paid    2023-03-02
paid    2023-04-01
```

இவர் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை. எங்கள் சந்தா 30 நாள் சந்தா. ஜனவரி 31-லிருந்து 30 நாள் எண்ணினால் மார்ச் 2. நடுவில் பிப்ரவரி முழுக்கப் பணம் கட்ட வேண்டிய நாளே அவருக்கு வரவில்லை. டேபிளை எடுக்கும் வினவலோ காலண்டர் மாதத்தை வைத்து எண்ணுகிறது, அதனால் ஜனவரியில் இரண்டு, பிப்ரவரியில் பூஜ்யம். ஜனவரி 30, 31-ல் சேர்ந்தவர்களுக்கும் இதே கதி. சாதாரண மாதமாக இருந்தால் அவர்கள் சிலர்தான், கண்ணில் படாமல் போயிருக்கும். ஆனால் எங்கள் சலுகை ஜனவரி 1-ல் தொடங்கியது, அந்த ஒரு நாளில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள்.

விளக்கிச் சொன்னேன், ஸ்லைடை மாற்றினார்கள். ஆனால் மார்ச் மெயிலுக்கு அடுத்த காலாண்டுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏறின வரிசை வந்திருக்கிறதா?

ஷீட் மட்டும் போதும்

எனக்கும் வந்திருக்கு. அதனாலதான் காலண்டர் மாதத்தைக் கழிக்கிறதையே விட்டுட்டேன். சேர்ந்த தேதி A-யில, கட்டின தேதி B-யில, `=DATEDIF(A2,B2,"M")`. முழுசா எத்தனை மாதம் முடிஞ்சிருக்குன்னு அதுவே சொல்லிடும். பிவட் போட்டா டேபிள் ரெடி. இவ்வளவு ஆராய்ச்சி தேவையே இல்ல.

மூன்றாம் நெடுவரிசை

மேலே சொன்னதை அவருடைய தேதிகளிலேயே போட்டுப் பாருங்கள். ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை: 0. ஜனவரி 1 முதல் மார்ச் 2 வரை: 2. 1 என்ற கட்டம் அப்போதும் காலிதான். மாதக் கணக்கில் பில் போகும் சந்தாவிலும் அது காலை வாரும். 31-ம் தேதி சேர்ந்தவருக்கு பிப்ரவரி 28-ல் பணம் எடுப்பார்கள், DATEDIF அதை 0 என்று சொல்லும், ஏனென்றால் அதன் கணக்கில் ஒரு மாதம் நிறையவில்லை. மாதத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்குச் சரியாக வருவதால்தான் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை.

பில் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ, அந்தக் கணக்கில்தான் எண்ண வேண்டும். 30 நாள் சந்தா என்றால் நாளைக் கழித்து 30-ஆல் வகுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில், இரண்டு தேதிகளும் date வகையாக இருந்தால்:

```sql
SELECT date_trunc('month', s.signup_date) AS cohort,
       (p.paid_date - s.signup_date) / 30 AS n,
       count(DISTINCT s.user_id) AS paid
FROM signups s
JOIN payments p USING (user_id)
GROUP BY 1, 2;
```

காலண்டர் மாத பில் என்றால் தேதியைப் பார்க்காமல் வருடத்தையும் மாதத்தையும் மட்டும் கழித்தால் போதும். ஜனவரி 31, பிப்ரவரி 28 அங்கே ஒழுங்காக 1 என்று வரும்.

என் அனுபவத்தில் இதற்கப்புறமும் ஒரு ஓட்டை இருந்தது. கார்டு மறுக்கப்பட்டு 33-வது நாள் பணம் வந்தால் பரவாயில்லை, 1-லேயே விழும். ஒருவருக்கு 61-வது நாள்தான் வந்தது. 1 காலி, 2-ல் ஆள் இருக்கிறார், மறுபடி ஏறுமுகம். ஆனால் இவர் உண்மையிலேயே ஒரு மாதம் பணம் கட்டாதவர். அந்த ஏற்றம் பொய்யல்ல, அதைச் சரிசெய்யப் போகக் கூடாது. ஏறிய வரிசையைப் பார்த்தால் இப்படி ஓர் ஆளின் தேதிகளை விரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஷீட் மட்டும் போதும்

31-ம் தேதி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக ஷீட்டே வேண்டாம்னு ஆகாது. `=INT((B2-A2)/30)` போட்டா நீங்க சொன்னதேதான்.

மூன்றாம் நெடுவரிசை

ஷீட் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. பிவட்டில் ஆளை ஒருமுறை மட்டும் எண்ணுகிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ஒரே கட்டத்தில் இரண்டு முறை கட்டியவர் இரண்டு பேராகிவிடுவார்.

ஆண்டுச் சந்தா

எங்களிடம் பாதிப் பேர் வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிறவர்கள். டேபிளில் 0-ல் இருப்பார்கள், அப்புறம் பதினோரு கட்டம் காணாமல் போவார்கள், 12-ல் திடீரென்று முளைப்பார்கள். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு "பாதிப் பேர் முதல் மாதமே ஓடிவிட்டார்களா?" என்று கேட்டார். பணம் கட்டிய தேதியை மட்டும் பார்க்காமல், கட்டிய பணம் எந்த நாள் வரை செல்லும் என்று கணக்கிட்டு, அதுவரை ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டோம். ஆனால் வருடக்காரர்களை அப்படிச் சேர்த்ததும் டேபிள் ரொம்ப அழகாகிவிட்டது, மாதக்காரர்களின் சரிவு அதில் அமுங்கிப் போனது. கடைசியில் இரண்டு டேபிளாகப் பிரித்தோம்.

இலவசத்தில் வந்தவர்

எல்லாரும் 0-வது மாதம் 100 என்று எழுதுகிறீர்கள், அது எப்படி? எங்களிடம் 14 நாள் இலவசம். ஜனவரி 20-ல் சேர்ந்தவர் முதல் பணத்தை பிப்ரவரி 3-ல்தான் கட்டுவார். 0-ல் 40 கூட வராது. வகுக்கும் எண் சேர்ந்தவர்கள் எல்லாரும்தான், பணம் கட்டியவர்கள் மட்டுமல்ல. பணம் கட்டியவர்களால் வகுத்தால் சேர்ந்துவிட்டுக் கட்டாமலே போனவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

மூன்றாம் நெடுவரிசை

கேள்வி கேட்டவரிடம் இலவசம் இல்லை என்று நினைக்கிறேன், முதல் பணம் கட்டித்தான் சேர முடியும். உங்களுக்கு நான் இரண்டு தனி எண்களாகப் பிரிப்பேன்: சேர்ந்தவரில் எத்தனை பேர் முதல் பணம் கட்டினார்கள், கட்டியவரில் எத்தனை பேர் தொடர்கிறார்கள். நீங்கள் சொல்வதுபோல் ஒரே டேபிளில் வைக்க வேண்டும் என்றால் அதற்கும் நியாயம் இருக்கிறது.

கீழ்வலது மூலை

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏறும் வரிசையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது டேபிளின் ஓரம். பிப்ரவரி 20 அன்று ஒருவர் அவசரமாகக் கேட்டார் என்று டேபிளை எடுத்துக் கொடுத்தார்கள். ஜனவரி வரிசையில் 1-வது கட்டம் படுபாதாளம். காரணம் எளிது: அன்றைக்கு ஜனவரி 21 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் 30-வது நாள் வந்திருக்கிறது. 22 முதல் 31 வரை சேர்ந்தவர்களுக்குப் பணம் கட்டும் நாளே இன்னும் வரவில்லை, ஆனால் வகுக்கும் எண்ணில் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மாதத்தில் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் அந்த நாள் வந்து, மறுக்கப்பட்ட கார்டுகளை மறுபடி முயல ஒரு வாரம் போன பிறகுதான் கட்டத்தை நிரப்புங்கள். ஜனவரியின் 1-வது கட்டத்துக்கு அது மார்ச் 2-உம் அதற்குமேல் ஒரு வாரமும். அதுவரை கட்டம் வெறுமையாக இருக்கட்டும். 0 என்று போடாதீர்கள். போட்டால் யாராவது கீழே சராசரி வரிசை சேர்ப்பார்கள், இன்னும் வராத மாதங்களின் பூஜ்யங்கள் அதற்குள் நுழைந்துவிடும். அப்புறம் அந்தச் சராசரியை வைத்து அடுத்த வருட வருமானத்தையே கணிப்பார்கள், இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவு வினவல்

ஆமாம், எங்களிடம் இலவசம் இல்லை. 30-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 100, 78, 70. மார்ச்சில் யாரும் பெரிதாகத் திரும்பி வரவில்லை. இப்போது புதிதாக ஒன்று: சிலருக்கு 29-வது நாளிலேயே பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் 0-ல் போய் விழுகிறார்கள். வகுப்பதற்கு முன் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளலாமா, அல்லது ஆண்டுச் சந்தா சொன்னதுபோல் பணம் செல்லும் நாளை வைத்தே மறுபடி கட்டுவதா?

மூன்றாம் நெடுவரிசை

இரண்டு நாள் கூட்டினால் இப்போதைக்கு நிற்கும். ஆனால் முன்கூட்டி எடுப்பது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள் நகர்ந்துகொண்டே போகிறதா, ஒருமுறை மட்டும்தானா என்று அந்த ஆட்களின் தேதிகளை முதலில் பாருங்கள். நகர்கிறது என்றால் 3-வது கட்டத்தில் அந்த இரண்டு நாளும் போதாது.