சென்டர் வேலையா, தனி டியூஷனா: இரண்டும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர்

ஒரு சென்டர்ல மேல்வகுப்புக்குக் கணக்கு எடுத்துட்டிருந்தேன். இப்போ தனியா எடுக்கிறேன். விட்டதுக்குக் காரணம் ஒரு ரசீது. ஒரு பையனோட ஹோம்வொர்க் நோட்டைத் திருத்தும்போது அதுக்குள்ள இருந்து கட்டண ரசீது நழுவி மடியில விழுந்துச்சு. தொகையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வெச்சுட்டேன்.

தொகை வேண்டாம், பங்கா சொல்றேன். மூணு பாடத்துக்கும் சேர்த்து ஒரு பையன் கட்டுறதை மாசத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. அந்த பேட்ச்ல முப்பது பேர். கணக்குப் பாடத்துக்கு மட்டும் பத்து வருது. எனக்கு மூணு பேட்ச், அப்போ முப்பது. என் சம்பளம் ஏழு. இது போக டவுட் கிளாஸ், வாரத் தேர்வுத் தாள் திருத்துறது எல்லாம் அந்த ஏழுக்குள்ளயே.

சொன்ன நோட்டீஸ் காலம் முடிச்சுத்தான் வெளியே வந்தேன். தலைக்கு அரைன்னு பதினாலு பேர் சேர்ந்தாங்க, அதே ஏழு. வகுப்பு நேரம் பாதிகூட இல்லை. நிம்மதியா இருந்தது. பரீட்சை முடிஞ்ச வாரம் பதினோரு பேர் மொத்தமாப் போயிட்டாங்க, எல்லாரும் கடைசி வருஷப் பசங்க. மிச்சம் மூணு பேர், வரவு ஒன்றரை. அடுத்த செட் வர மூணு மாசம் ஆச்சு. அந்த நேரத்துல பழைய சென்டர் தோழி, "இங்க சம்பளம் வந்துடுச்சுப்பா"ன்னு சும்மா ஒரு மெசேஜ் போட்டா. அதுதான் இன்னும் உறுத்துது. நீங்க எல்லாம் இந்த இடைவெளியை எப்படித் தாண்டுறீங்க?

பழைய நிர்வாகி

டீச்சர், நான் சென்டர் நடத்தி மூடினவன். உங்க கணக்குல ஒரு படி விட்டுப்போச்சு. ரசீது விழுந்தது முப்பது பேர் பேட்ச்ல. மத்த ரெண்டு பேட்ச்லயும் முப்பது பேரா இருந்தாங்க?

எங்க பிசிக்ஸ் சார் ஒருத்தர் இதே கணக்கை ஒரு கேள்வித்தாள் பின்பக்கம் போட்டு எடுத்துட்டு என் ரூமுக்கு வந்தார். நான் பதில் பேசலை, வருகைப் பதிவேட்டை அவர் பக்கமாத் திருப்பி வெச்சேன். மாலை பேட்ச் முப்பது, காலை பேட்ச் பன்னிரண்டு, வார இறுதி ஒன்பது. மொத்தம் ஐம்பத்தொண்ணு, ஒரு பாடத்துக்குப் பதினேழு. அவர் சம்பளமும் ஏழுதான். பதினேழுல ஏழுங்கிறது கால் பங்கு இல்லை, ஐந்துல ரெண்டு பங்கு. மிச்ச பத்துல வாடகை, முன் மேசைப் பொண்ணு சம்பளம், விளம்பரம், அண்ணன் தம்பி சேர்ந்தா தள்ளுபடி, நல்ல மார்க் எடுத்தவனுக்குச் சலுகை, ரெண்டாவது தவணையே கட்டாத குடும்பங்கள். ஒன்பது பேர் பேட்சை மூடவும் முடியாது, மூடினா அந்த ஒன்பது பேரும் எதிர் சென்டருக்குப் போவாங்க.

வாத்தியார் கண்ணுக்குத் தெரியுறது எப்பவும் நிறைஞ்ச ரூம்தான்.

சாக்பீஸ் தூசி

நிர்வாகி சார், பதிவேட்டைக் காட்டினீங்க சரி. வரவு செலவு நோட்டைக் காட்டினீங்களா? காட்ட மாட்டீங்க.

என் கதை வேற. எனக்குச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்குக் கூலி. சேரும்போது அதுதான் பெரிசாத் தெரிஞ்சது, மணிக்கு நல்ல ரேட். நடு வருஷத்துல ஒரு நாள் உள்ளே போறேன், ரெண்டு பேட்சும் ஒரே ரூம்ல உட்கார்ந்திருக்கு. பெஞ்சுக்கு அஞ்சு பேர், கடைசி வரிசையில ரெண்டு பேர் ஜன்னல் திட்டுல. கோஆர்டினேட்டர் சிரிச்சுக்கிட்டே, "உங்களுக்கு வேலை மிச்சம் சார், ஒரு தடவை நடத்தினாப் போதும்" என்கிறார். மிச்சமானது யாருக்கு? பசங்க கட்டணம் அப்படியே இருக்கு, என் மணி பாதியாச்சு, திருத்துற தாள் மட்டும் குறையலை. பேட்சை இணைச்சா நஷ்டம் முழுக்க மணிக்கூலி ஆள் தலையிலதான். விடுமுறை மாசத்துல சுத்தமா பூஜ்யம். இதை நிலையான வேலைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும்.

கிளம்பும்போது கடைசி மாசக் காசைப் பிடிச்சு வெச்சாங்க. நோட்ஸ் எல்லாம் ஒப்படைச்சாத்தான் தருவாங்களாம். அந்த நோட்ஸ் நான் ராத்திரி உட்கார்ந்து எழுதினது.

பழைய நிர்வாகி

சாக்பீஸ் சார், இணைச்சது பிழைன்னு நான் சொல்ல மாட்டேன், சில சமயம் வேற வழி கிடையாது. ஆனா ரேட்டை ஏத்தாம இணைச்சது அநியாயம். காசைப் பிடிச்சதும் அநியாயம்தான். நோட்ஸ் விஷயம் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருந்ததுன்னு பார்க்கணும். சென்டர் பெயர் போட்டு அச்சடிச்சதும் உங்க சொந்தக் குறிப்பும் ஒண்ணா?

வீட்டுக்கு வீடு

எதுக்கு இவ்வளவு பங்குக் கணக்கு? மாணவன் வீட்டுக்கே போய் ஒருத்தருக்கு ஒருத்தர் எடுங்க. மணிக்கு அதைவிட வருமானம் எதுலயும் இல்லை. நான் அப்படித்தான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஒருத்தருக்குப் பதில் சொல்லணும். ஒரு பையனுக்குப் பின்னக் கணக்கே தடுமாற்றம். அதைச் சரி பண்ணாம மேல போனா எல்லாம் சரியும்னு நாலு வகுப்பு அதுக்கே செலவு பண்ணினேன். அவங்க அப்பா பக்கத்து ரூம்ல இருந்து கதவைத் திறந்துக்கிட்டு வந்து, நோட்டைப் புரட்டி, "இது சின்ன கிளாஸ் பாடமாச்சே சார், போன வருஷ வினாத்தாள் போடுங்க, போதும்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தாமலே போனார். மிச்ச நேரம் பூரா கதவு திறந்தே இருந்தது. பையன் என் முகத்தையே பார்க்கிறான். அன்னைக்கு வினாத்தாள்தான் போட்டேன்.

கணக்கு டீச்சர்

ஐயோ, அந்தத் திறந்த கதவு! சென்டர்ல கோஆர்டினேட்டர் கண்ணாடிக் கதவுல தட்டி "போர்ஷன் மேடம்"னு சொல்லுவார். வெளியே வந்தா அவர் இடத்துல அப்பா அம்மா. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கோஆர்டினேட்டர்கிட்ட முப்பது பேருக்கும் ஒரே வேகம். பெற்றோர்கிட்டயாவது உட்கார்ந்து பேசலாம். முதல் வாரமே ஒரு சின்னத் தேர்வு வெச்சு, எந்தப் படியில தடுமாறுறான்னு அந்தத் தாளையே காட்டிட்டா பாதிப் பேர் நம்ம வழிக்கு விட்டுடுறாங்க.

அப்புறம் ஒண்ணு. ஒருத்தருக்கு ஒருத்தர்னா மணிக்கு ரேட் பெரிசுதான், ஆனா ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்குப் போற நேரத்தை யார் கொடுப்பாங்க? பசங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து தூங்கப் போறதுக்குள்ள ஒரு நாள் மாலைக்கு ரெண்டு வீடு, மிஞ்சினா மூணு. அதுக்கு மேல ஓடவே முடியாது. நாலு பேரை ஒண்ணா உட்கார வெச்சு, தலைக்கு உங்க ரேட்ல பாதி வாங்கினாக்கூட அதே மணிக்கு ரெண்டு மடங்கு.

வீட்டுக்கு வீடு

நாலு பேரும் ஒரே வகுப்பு, ஒரே நேரம், ஒரே லெவல் கிடைக்கணுமே மேடம். எனக்கு ரெண்டு பேர்கூடப் பொருந்தி வந்ததில்லை.

பேனா மூடி

வீடியோவா ரெக்கார்ட் பண்ணிப் போட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே? நான் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த மைக் நல்லது?

சாக்பீஸ் தூசி

அதுக்கு வேற இழை இருக்கு தம்பி.

அமைதிப்புறா

நான் பெரிய அனுபவம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சென்டரில் ஒரு பருவம் இருந்தேன், பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். ஆனால் டீச்சர் எழுதியதைப் படித்தால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் ஏழும் சென்டர் ஏழும் ஒன்றல்ல. ஒன்பது மாதம் ஏழு, மூன்று மாதம் ஒன்றரை. கூட்டினால் அறுபத்தேழரை. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். சென்டர் பன்னிரண்டு மாதமும் கொடுத்திருந்தால் அங்கேதான் கை நிறைவு. நேரம் பாதி என்பதால் மணிக்கணக்கில் நீங்கள்தான் முன்னே. எது வேண்டும் என்பது வீட்டில் மாதா மாதம் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இனி நீங்கள் கேட்காத யோசனை. கடைசி வருஷப் பிள்ளைகளைப் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள். அவர்கள்தான் தேடி வருவார்கள், ரேட்டும் பேசமாட்டார்கள், ஆசை காட்டும். ஆனால் போகும்போது ஒரே நாளில் போவார்கள். இரண்டு வகுப்பு கீழே சேர்ந்த பிள்ளை உங்களிடம் மூன்று வருஷம் இருக்கும், அதன் தங்கையும் வரும். அடுத்த வருஷத்துக்கு இடம் வேண்டுமா என்று பரீட்சைக்கு முன்னாலேயே கேட்டு, முதல் மாதக் கட்டணத்தை வாங்கி இடத்தை உறுதி செய்துவிடுங்கள். பரீட்சை முடிந்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள்.

கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். வகுப்புக் கணக்கில் வாங்கினால் கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போனது எல்லாம் உங்கள் வருமானத்தில் கழியும். அவர்கள் வராத வகுப்புக்கு மாதம் ஒரு மாற்று வகுப்பு, அவ்வளவுதான். நீங்கள் வராததை நீங்கள் ஈடு செய்ய வேண்டும். இதைச் சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாலாவது மாதத்தில் சொன்னால் சண்டை.

கணக்கு டீச்சர்

நன்றிங்க. அந்த வகுத்தலை நான் போட்டே பார்க்கலை, ஐந்தரைன்னு பார்க்கும்போது கொஞ்சம் வலிக்குது. ஆனா சென்டர் ஏழு பன்னிரண்டு மாசமும் வந்ததுன்னு வெச்சுக்கிட்டாலும், விடுமுறை மாசத்துல நாங்க சும்மா இல்லை. பழைய மதிப்பெண் பட்டியலைக் கையில கொடுத்து, வீடு வீடா போன் பண்ணி அட்மிஷன் பேசச் சொல்லுவாங்க. கணக்கு டீச்சர் நான், "உங்க பையன் எந்தக் காலேஜ் எய்ம் பண்றான் மேடம்"னு பேசிட்டிருந்தேன். அதையும் மணியில சேர்க்கணும்.

கீழ் வகுப்புப் பசங்க யோசனை சரி. ஆனா அவங்களுக்கு நான் அரை வாங்க முடியாது, காலுக்குக் கொஞ்சம் மேலதான் தர்றாங்க. பாதி இடத்தை அவங்களுக்கு ஒதுக்கினா இடைவெளி குறையும், சீசன் வருமானமும் குறையும். இதுல எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதுன்னுதான் பிடிபடலை.

பழைய நிர்வாகி

அதுதான் டீச்சர் நான் சொன்ன ஒன்பது பேர் பேட்ச்.

இரவுப் பாடம்

நான் ரெண்டுலயும் கால் வெச்சிருக்கேன். காலையில சென்டர்ல மணிக்கூலி, மாலையில வீட்ல ஆறு பேர். போன வாரம் சென்டர்ல படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா படிக்கட்டுல நிறுத்தி, "இங்க கட்டுறதுல பாதியை உங்களுக்கே தர்றேன், வீட்டுக்கு அனுப்பட்டுமா?"ன்னு கேட்டாங்க. மேல் படியில ரிசப்ஷன் பொண்ணு சாவிக்கொத்தோட நின்னுட்டிருந்தா. கேட்டாளா இல்லையான்னு தெரியலை. சென்டர்ல படிக்கிற பிள்ளைகளை வேலையில இருக்கும்போதும், விட்டு ஒரு வருஷம் வரைக்கும் தனியா எடுக்கக் கூடாதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். "யோசிச்சுச் சொல்றேன்மா"ன்னு இறங்கி வந்துட்டேன்.

சாக்பீஸ் தூசி

எடுத்துக்கங்க. அந்தத் தாளெல்லாம் பயமுறுத்தத்தான்.

பழைய நிர்வாகி

எடுக்காதீங்க. தாளுக்காகச் சொல்லலை. அந்த அம்மாவோட பொண்ணு சென்டருக்கு வர்றதை நிறுத்தினதும் அவளோட நாலு தோழிங்க வீட்ல விசாரிப்பாங்க, சென்டருக்கு ஒரே நாள்ல தெரியும். உங்க காலை மணி மொத்தமும் போகும், கைக்கு வர்றது ஒரு பிள்ளையோட பாதி. அந்த அம்மாகிட்ட, பருவம் முடியட்டும், உங்க ரெண்டாவது பொண்ணு சென்டர்ல இல்லைன்னா அவளை இப்பவே அனுப்புங்கன்னு சொல்லிப் பாருங்க.

இரவுப் பாடம்

ரெண்டாவது பையன் சார். மூணாவது படிக்கிறான்.