புதுப்பிப்பு: மெட்ரோனிடசோலும் சனிக்கிழமை பீரும்

முன்பு கேட்டது: "பல் சீழுக்கு மெட்ரோனிடசோல் 400, மூன்று வேளை. வெள்ளி இரவு பத்து மணிக்குக் கடைசி மாத்திரை. சனி இரவு ஒரு பீர் குடிக்கலாமா?"

குடிக்கவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருந்தாளுநராக இருக்கும் அண்ணன் ஒருவர் போட்ட கணக்குதான் எனக்குப் புரிந்தது. இந்த மருந்து உடம்பில் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சனி இரவு பத்துக்கு இன்னும் எட்டில் ஒரு பங்கு இருக்கும். ஞாயிறு இரவு பத்துக்குத்தான் இரண்டு சதவீதத்துக்கும் கீழே போகும். பிரிட்டனில் இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் மூன்று. கல்லீரல் பழுதானவர்களுக்கு மருந்து வெளியேற இன்னும் நேரமாகும்.

"குடித்தால் மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான்" என்றார் ஒருவர். அது இல்லை சிக்கல். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலியும் வாந்தியும் வரலாம். மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைதான்.

இன்னொருவர் அமாக்சிசிலினோடு பீர் குடித்து ஒன்றும் ஆகவில்லையாம். சரி, அது வேறு மருந்து!

ஆல்கஹால் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு உடம்பில் சேர்வதுதான் காரணமா என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. 2002இல் பின்லாந்தில் சிலருக்கு மருந்தையும் ஆல்கஹாலையும் கொடுத்துப் பார்த்தபோது அது அதிகரிக்கவே இல்லை. ஆனாலும் மருந்தோடு வரும் குறிப்பில் எச்சரிக்கை இன்னும் இருக்கிறது.

அப்புறம், வீட்டில் அம்மா தரும் தசமூலாரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு. அதையும் செவ்வாய் வரை நிறுத்தியிருக்கிறேன்.