பழைய சேமிப்புக் கணக்கை மூடச் சொல்லி வங்கிக்குக் கடிதம்: இது போதுமா?

பெட்டிதூக்கி
இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. முன்பிருந்த நாட்டில் ஒரு சேமிப்புக் கணக்கு கிடக்கிறது, இரண்டு வருடத்துக்கு மேல் தொடவே இல்லை. மிச்சம் 412.60. நேரில் போக வழியில்லை. வங்கியைக் கேட்டதற்கு "கையெழுத்திட்ட கடிதம் அனுப்பவும்" என்று ஒரே வரியில் பதில். நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: "எனது கணக்கை மூடி, அதிலுள்ள 412.60ஐக் கீழ்க்கண்ட என் கணக்குக்கு அனுப்பவும்." கீழே இங்குள்ள கணக்கு எண்ணும் SWIFT குறியீடும் கொடுத்திருக்கிறேன். அனுப்பிவிடலாமா?

ஜன்னல்சீட்டு
கடிதமெல்லாம் எதுக்குங்க? செயலியில் போய்ப் பணத்தை முழுக்க எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். பூஜ்யமாகக் கிடந்தால் கொஞ்ச நாளில் அவர்களே மூடிவிடுவார்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ரசீதுக்காரி
ஜன்னல்சீட்டு சொல்வதில் பாதி சரி. செயலி வேலை செய்கிறதென்றால் பணத்தின் பெரும்பகுதியை முதலில் எடுத்துவிடுவது நல்லதுதான். ஆனால் பூஜ்யமான கணக்கு மூடிய கணக்கு ஆகாது. பராமரிப்புக் கட்டணம் இருக்கிற வங்கியாக இருந்தால் அது மைனஸில் போகும். அதோடு இவருடையது இரண்டு வருடம் அசையாத கணக்கு. பெரும்பாலும் வங்கி அதை முடக்கி வைத்திருக்கும், பணமே வெளியே போகாது.

தம்பி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன், இந்த மாதிரிக் கடிதங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த 412.60. தொகையை எழுதவே எழுதாதீர்கள். மூடுகிற அன்று வரைக்குமான வட்டி சேரும், அனுப்பும் கட்டணம் கழியும். வட்டி 2.10, கட்டணம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 414.70இல் 15 போனால் வெளியே போகக்கூடியது 399.70தான். நீங்கள் 412.60 அனுப்பச் சொன்னால் அந்தத் தொகையும் கட்டணமும் சேர்ந்து இருப்பைத் தாண்டிவிடும். மேசையில் இருப்பவர் "போதிய இருப்பு இல்லை" என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார். யாரும் உங்களை அழைத்துக் கேட்க மாட்டார்கள். "மூடும் நாள்வரையான வட்டியையும் சேர்த்து, கட்டணம் போக மீதி முழுவதையும்" என்று எழுதினால் கணக்குப் போடுவது அவர்கள் வேலை.

அப்புறம், இரண்டு கணக்கிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா?

பெட்டிதூக்கி
இல்லையே அக்கா. பழையதில் முன்னால் இனிஷியல், பின்னால் என் பெயர். இங்கே பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். ஆள் நான்தானே, கணக்கு எண் சரியாக இருந்தால் போதாதா?

ரசீதுக்காரி
போய்ச் சேர்ந்தாலும் சேரும். சேராமல் போவதும் உண்டு, அங்கேதான் சிக்கல். வாங்குகிற வங்கி பெயரை ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தவில்லை என்று பணத்தைத் திருப்பி அனுப்பினால், அது வந்த வழியே திரும்பும். அதற்குள் உங்கள் பழைய கணக்கை மூடியிருப்பார்கள். வந்த பணத்துக்குப் போக இடமில்லை. வங்கி அதைத் தன் உள்கணக்கு ஒன்றில் போட்டு வைக்கும். பணம் தொலையாது, ஆனால் யாராவது தேடி எடுக்கும் வரைக்கும் அங்கேயே கிடக்கும். உங்களுக்கோ அங்கே கணக்கே இல்லை, செயலியில் உள்ளே போகவும் முடியாது. மாதக் கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வாங்குபவர் பெயரை இங்குள்ள வங்கியில் இருக்கிறபடியே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்து, பாஸ்போர்ட் நகலை இணையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகே மூடச் சொல்லுங்கள். எல்லா வங்கியும் இந்த வரிசைக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும், திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாம்மாடி
நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்திருந்த கணக்கை மூடும்போது, யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும் என்று நினைத்து நான் மட்டும் போட்டு அனுப்பினேன். பணம் எடுக்கத்தான் ஒருவர் கையெழுத்துப் போதுமாம், மூட இருவரும் போட வேண்டுமாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுடையதும் கூட்டுக் கணக்கா? அப்படியானால் கவனம். காசோலைப் புத்தகத்தையும் கேட்பார்கள்.

பெட்டிதூக்கி
தனிக் கணக்குதான் அக்கா. காசோலைப் புத்தகம் வாங்கியதே இல்லை.

ரசீதுக்காரி
சரி, இப்படி எழுதுங்கள். அந்த வங்கி எந்த மொழியில் கடிதம் வாங்குமோ அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ______ஐ மூடி, மீதித் தொகையை அனுப்பக் கோருதல்
>
> மேற்கண்ட கணக்கு என் ஒருவர் பெயரில் உள்ளது. இதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தவில்லை. கணக்கு முடக்கத்தில் இருந்தால், இக்கடிதத்தையே அதை விடுவிக்கும் வேண்டுகோளாகவும் ஏற்கவும்.
>
> மூடும் நாள்வரையான வட்டியைச் சேர்த்து, கட்டணம் போக மீதி முழுவதையும் கீழ்க்கண்ட என் சொந்தக் கணக்குக்கு அனுப்பவும். (பெயர், கணக்கு எண், வங்கி, SWIFT குறியீடு)
>
> உங்கள் பதிவில் உள்ள ______ என்ற பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள ______ என்ற பெயரும் என்னையே குறிப்பவை. பாஸ்போர்ட் நகல் இணைத்துள்ளேன்.
>
> பணம் சேர்ந்தது உறுதியான பின் கணக்கை மூடவும். தொகை திரும்பி வந்தால் கீழுள்ள மின்னஞ்சலில் தெரிவித்து, என் மறு அறிவுறுத்தலுக்குக் காத்திருக்கவும்.
>
> பணம் அனுப்பியதற்கான SWIFT செய்தி நகலையும், மூடிய தேதியுடன் உறுதிக் கடிதத்தையும், இறுதிக் கணக்கு அறிக்கையையும் அனுப்பவும்.

SWIFT குறியீடு 8 அல்லது 11 எழுத்து இருக்கும். ஒன்பதோ பத்தோ வந்தால் எங்கேயோ விட்டிருக்கிறீர்கள். நாடு, வங்கி, கணக்கு மூன்றையும் சேர்த்துக் காட்டும் IBAN எண் வழங்கும் நாட்டில் இருந்தால் வெறும் கணக்கு எண்ணுக்குப் பதில் அதை முழுசாக எழுதுங்கள். முன்பு MT103 என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த SWIFT செய்தி நகல் எதற்கென்றால், பணம் வரவில்லை என்று இங்குள்ள வங்கியில் சொன்னால் "எங்களுக்கு எதுவும் வரவில்லையே" என்பார்கள். அந்த நகலைக் காட்டினால்தான் தேட ஆரம்பிப்பார்கள்.

நாணயக்காரன்
கட்டண முறையையும் எழுதச் சொல்லுங்கள். OUR என்று போட்டால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் பக்கம், வழியில் பொதுவாக யாரும் பிடிக்க மாட்டார்கள். SHA போட்டால் இடையில் இருக்கிற வங்கியும் ஒரு பங்கு எடுக்கலாம்.

ரசீதுக்காரி
வழக்கமான பரிமாற்றத்துக்கு அது சரி. மூடுகிற கணக்கில் OUR தலைவலி. இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தைச் சில நாள் கழித்துக் கேட்டால், அதை எங்கே பிடிப்பது? கணக்குதான் காலியாயிற்றே. எங்கள் பிரிவில் அப்படி வந்தால் மூடாமல் நிறுத்தி வைப்போம். நான் SHA என்றுதான் போடுவேன்.

நாணயக்காரன்
இருப்பு 400 மட்டும் உள்ளவருக்கு வழியில் இன்னொரு 20 போவது பெரிய விஷயம் இல்லையா? என் வங்கி OURக்கு மொத்தமாக ஒரே கட்டணம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது, பின்னால் எதுவும் கேட்கவில்லை.

ரசீதுக்காரி
அப்படி முன்கூட்டியே எடுக்கிற வங்கி என்றால் நீங்கள் சொல்வதுதான் லாபம். தம்பி, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பெட்டிதூக்கி (மூன்று வாரம் கழித்து)
கடிதம் போய்ச் சேர்ந்தது. முடக்கத்தை எடுத்துவிட்டார்கள், பெயர் விஷயத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்து பொருந்தவில்லையாம். பத்தொன்பது வயதில் கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்து, அது எப்படி இருந்தது என்று எனக்கே நினைவில்லை. சரிபார்க்க ஓடிபி அனுப்புகிறோம் என்கிறார்கள், அதுவும் நான் எப்போதோ விட்டுவிட்ட எண்ணுக்கு. அடுத்தது என்ன அக்கா?

ரசீதுக்காரி
நோட்டரி முன்னால் புதுக் கையெழுத்தைப் போட்டுச் சான்று வாங்கி அனுப்பினால் ஏற்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். அதே கடிதத்தில் எண் மாற்றத்தையும் சேர்த்துவிடுங்கள். பதில் வரும் முன் நோட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள். சில வங்கிகள் தூதரகச் சான்றுதான் வேண்டும் என்று நிற்கும்.