உதவி: கல்யாணப் பட்டியலை மேசைவாரியாக அடுக்க ஒரு சூத்திரம் வேண்டும் (அவசரம்)

துஷி: பெரியப்பா வாட்ஸ்அப்பில் விருந்தினர் பட்டியலை ஒட்டிவிட்டு, கீழே ‘அடுக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறார். எக்செல்லில் அகரவரிசையில் போட்டுப் பத்துப் பத்தாக வெட்டினேன். குடும்பங்கள் சிதறுகின்றன. நாளைக்குள் மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மீனா: எந்த ஊர்? பந்தியா, மேசையா? எத்தனை பேர்?

கொங்குத்தம்பி: கல்யாணத்தில் இடம் குறித்து யார் உட்காருகிறார்கள்? எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டாரை முதல் பந்தியில் உட்காரவைத்தால் வேலை முடிந்தது.

துஷி: ஸ்காபரோ. வரவேற்பு இரவுச் சாப்பாடு, வட்ட மேசை, 180 பேர்.

வரதன்: மேசை எத்தனை அங்குலம் என்று மண்டபத்தில் கேட்டீரா? 60 அங்குலத்தில் எட்டுப் பேர்தான் வசதி. பத்துப் பேருக்கு 72 வேண்டும். அடிப்படை தெரியாமல் சூத்திரம் கேட்க வந்துவிடுகிறார்கள்.

சுபா: அகரவரிசையை முதலில் விடுங்கோ. நம் பெயர்களில் முன்னெழுத்து அப்பாவுடையது. க. செல்வராசாவும் அவர் மகன் செ. குமரனும் பிரிந்துதான் போவார்கள். பெரியப்பா எழுதிய வரிசைக்கு ஒரு நிரலில் எண் போட்டு வையுங்கோ. சேர்த்து நினைத்தவர்களைத்தான் அவர் சேர்த்து எழுதியிருப்பார். நடுவிலிருந்து நாலு வரி காட்டுங்கோ, பெயரை மாற்றி.

துஷி: சிவம் 5, ராசன் 4, கிளி ரீச்சர் 2, நந்தன் 1.

வரதன்: 5+4+1. ஒரு மேசை நிறைந்தது. இதற்கு ஓர் இழை!

சுபா: அங்கேதான் வம்பு. சிவமும் ராசனும் அண்ணன் தம்பியாக இருந்தால் அடுத்தடுத்து எழுதத்தான் செய்வார், பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும். நந்தன் ஏன் தனியாக வருகிறார்? யாருக்கு யாரோடு கோபம் என்று பெரியப்பாவிடம் கேட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்பார். ஒரு வரைவு போட்டு, பெரியம்மாவுக்குப் போனில் மேசை மேசையாக வாசியுங்கோ. எங்கே ‘ம்ம்’ நிற்கிறதோ அதுதான் சிக்கல். முன்வரிசையை மட்டும் பெரியப்பாவே சொல்லட்டும்.

மீனா: நாற்காலிக்கு நாற்காலி பெயர் அட்டையும் வைக்கலாமே.

வரதன்: வைத்துப் பாருங்கள். ஆச்சி அதைத் தூக்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு விரும்பிய இடத்தில் இருப்பார்.

மீனா: எங்கள் அக்கா கல்யாணத்தில் எல்லோரும் அட்டைப்படிதான் உட்கார்ந்தார்கள்.

கொங்குத்தம்பி: அதற்குத்தான் பந்தி என்றேன்.

சுபா: மேசை எண் போதும். இரண்டு மேசையில் இடம் விட்டு வையுங்கோ. சொல்லாமல் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள்.

துஷி: மேசை 72தான். பெரியம்மாவுக்கு வாசித்தேன். சிவம், ராசன் இரண்டு பேருக்கும் காணி வழக்காம், நடுவில் நாலு மேசை விடச் சொன்னார். நந்தனுக்கு ‘மேடைப் பக்கம் வேண்டாம்’ என்றார். ஏன் என்று சொல்லவில்லை. இன்னும் 11 மேசை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கொங்குத்தம்பி: நந்தன் யாரு?